கொள்ளும் ரத்த வகையும்: ‘உங்கள் குரூப்புக்கு ஏற்ற உணவு’ என்பதில் எவ்வளவு உண்மை?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரத்ததான முகாமில், நீல நிறக் கரைசல் நிரம்பிய குப்பியின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அது காப்பர் சல்பேட் கரைசல். கொடையாளியின் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை அதில் விட்டால், 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராமாவது ஹீமோகுளோபின் இருக்கும்போது துளி 15 விநாடிக்குள் அடியில் போய்ச் சேரும். அதற்குக் குறைவாக இருந்தால் மிதக்கும், அல்லது பாதி வழியில் நின்றுவிடும். நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்ணின் துளி மிதந்தது. காசிமேட்டுக்காரர்; முந்தைய ஆண்டும் எங்கள் முகாமில் ரத்தம் கொடுத்தவர். கருவியில் வைத்துப் பார்த்தபோது 10.4 என்று காட்டியது. போன தடவை 12.8 இருந்ததாகப் பதிவு சொன்னது. உடம்புக்கு ஏதாவது செய்ததா, மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

“மீனு, முட்டை, கறி எல்லாத்தையும் விட்டு அஞ்சு மாசம் ஆச்சுண்ணா. நான் ஏ பாசிட்டிவ் இல்ல? என் ரத்தத்துக்கு அதெல்லாம் ஆகாதுன்னு சார்ட்டு போட்டுக் குடுத்துட்டாங்க,” என்றார்.

அவர் கைப்பேசியில் காட்டிய பட்டியலில் ரத்த வகைக்கு ஒரு பத்தியாக நான்கு பத்திகள் இருந்தன. எடை குறைக்க உதவுவதாகச் சொல்லும் ஓர் உணவு ஆலோசனை மையத்தில் கொடுத்தது. ரத்த வங்கியில் இத்தனை ஆண்டுகளாக இந்த நான்கு வகைகளோடுதான் என் வேலை நடக்கிறது என்பதால், அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, அதற்குள் உண்மை எவ்வளவு இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று அன்று தோன்றியது.

இந்த உணவு முறை உலகம் முழுவதும் பரவியது 1996இல் அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி’அடமோ வெளியிட்ட ஒரு புத்தகத்தின் வழியாக. அதன்படி, ஓ வகையினர் ஆதி வேட்டைக்காரர்களின் வழி வந்தவர்கள், ஆகவே இறைச்சி உண்ண வேண்டும், கோதுமையைத் தவிர்க்க வேண்டும். ஏ வகையினர் வேளாண்மை தொடங்கிய பின் தோன்றியவர்கள், ஆகவே சைவம் உண்ண வேண்டும். பி வகையினர் ஆடு மாடு மேய்த்து அலைந்தவர்கள், ஆகவே பால் ஒத்துக்கொள்ளும், கோழி ஒத்துக்கொள்ளாது. ஏபி வகையினருக்கு ஏ-யும் பி-யும் கலந்த ஒரு திட்டம். இதற்கு அவர் சொன்ன அறிவியல் காரணம் லெக்டின் என்ற ஒரு புரத வகை. உணவிலுள்ள லெக்டின்கள் சில ரத்த வகைகளின் அணுக்களைப் பிடித்து ஒட்ட வைக்கும், அதனால் உடலுக்குள் ரத்தம் கட்டி உறுப்புகள் கெடும் என்பது வாதம்.

இந்த வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. சில லெக்டின்கள் ரத்த வகையைப் பிரித்தறியும் என்பது உண்மை. எங்கள் வேலையில் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் உண்மையும் அதுதான். அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கொள்ளு.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளாலான குட்டிச் சங்கிலிகள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான அடிச் சங்கிலிக்கு எச் என்று பெயர். அதன் முனையில் என்-அசிட்டைல் கேலக்டோசமின் என்ற சர்க்கரை ஒன்று கூடுதலாக ஒட்டியிருந்தால் அந்த அணு ஏ. கேலக்டோஸ் ஒட்டியிருந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவும் ஒட்டாமல் எச் மட்டும் நின்றால் ஓ. ரத்த வகை என்று நாம் பேசுவதெல்லாம் முனையிலுள்ள இந்த ஒரு சர்க்கரையைப் பற்றித்தான். கொள்ளில் உள்ள லெக்டின், என்-அசிட்டைல் கேலக்டோசமினைத் தேடிப் பிடிக்கும் இயல்புடையது. இதை 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் என்ற ஆய்வாளர் ‘கரண்ட் சயின்ஸ்’ என்ற இந்திய ஆய்விதழில் எழுதினார். இன்றும் ஏ வகை ரத்தம் ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகளில் எது என்று பார்க்க உலகெங்கும் ரத்த வங்கிகளில் பயன்படுவது கொள்ளிலிருந்து எடுத்த சாறுதான். ஏ வகையினரில் பெரும்பாலோர் ஏ1.

பயிற்சிக் காலத்தில் அந்தச் சாற்றை நாங்களே செய்து பார்த்திருக்கிறோம். பச்சைக் கொள்ளை மாவாக அரைத்து, உப்பு நீரில் இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் சுழற்றித் தெளிந்த நீரை எடுக்க வேண்டும். அப்படியே போட்டால் ஏ2 அணுக்களையும் பிடித்துவிடும். அதனால் சிறிது சிறிதாக உப்பு நீர் சேர்த்து, ஏ1 அணுவை மட்டும் பிடித்து ஏ2-வை விட்டுவிடும் அளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டும். பிறகு சோதனைக் குழாயில் அதில் ஒரு துளியும், கழுவிய சிவப்பணுக் கரைசலில் ஒரு துளியும் விட்டுச் சுழற்றி, குழாயின் அடியை விரலால் மெல்லத் தட்டினால், ஏ1 அணுக்கள் சிவப்பு மணல் கட்டியாகத் திரண்டு கிளம்பும். ஓ அணுக்களும் பி அணுக்களும் புகைபோல் கலைந்து பரவும். முதன்முதலில் பார்க்கிற எவரும் ஒரு நிமிடம் அசந்துபோவார்கள். குழாயில் இதைப் பார்த்த ஒருவர் “அப்படியானால் ஏ வகையினர் கொள்ளு ரசம் குடிக்கலாமா?” என்று கேட்பது நியாயமான கேள்வி.

குடிக்கலாம். குழாயில் நடப்பது வயிற்றில் நடக்காததற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் குக்கர். லெக்டின் ஒரு புரதம். அதன் பிடிக்கும் திறன் அதன் மடிப்பில் இருக்கிறது. கொள்ளை ஊற வைத்துக் குக்கரில் நன்றாக வேகவைத்தால் அந்த மடிப்பு குலைந்து, அணுவைப் பிடிக்கும் ஆற்றல் போய்விடும். எங்கள் சோதனைக்கு நாங்கள் பச்சைக் கொள்ளை எடுப்பதும் அதனால்தான். இரண்டாவது, தப்பிப் பிழைக்கும் சிறிதளவு லெக்டினும் குடலுக்குள் போகிறதே தவிர, நேரே ரத்தத்துக்குள் போவதில்லை. பத்தில் எட்டுப் பேருக்கு உமிழ்நீரிலும் குடலின் சளிப் படலத்திலும் அவரவர் ரத்த வகைச் சர்க்கரையே கலந்திருக்கும். லெக்டின் வந்தாலும் முதலில் சிக்குவது அந்தச் சளியில்தான், அதோடு வெளியேறியும் விடும்.

மூன்றாவது காரணம்தான் அந்த உணவுத் திட்டத்தின் அடித்தளத்தையே அசைப்பது. கொள்ளு போல ஏ, பி என்று பிரித்தறியும் லெக்டின்கள் மிகச் சில. உணவில் உள்ள பெரும்பாலான லெக்டின்கள் எல்லா வகை அணுக்களையும் ஒன்றுபோலவே பிடிக்கும், அல்லது எதையும் பிடிக்காது. வேகாத சிவப்பு ராஜ்மாவின் லெக்டின் நான்கைந்து பயறிலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரக் கூடியது. ஆனால் அது ஓ-வையும் விடாது, ஏபி-யையும் விடாது. ராஜ்மாவை ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடமாவது வேகவைக்க வேண்டும் என்ற விதி நான்கு வகையினருக்கும் ஒன்றுதான். முளைகட்டிய கொள்ளைப் பச்சையாகத் தின்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஆவியில் வேகவைத்துத் தின்னுங்கள். காரணம் ரத்த வகை இல்லை, செரிமானம்.

உடலுக்குள் சிவப்பணுக்கள் உண்மையிலேயே ஒட்டி உடைந்தால் அது எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தவறான வகை ரத்தம் ஏற்றப்பட்டால் சில நிமிடங்களில் குளிர்க் காய்ச்சல், முதுகு வலி, மூச்சுத் திணறல், கறுத்த சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை போகும். மெல்ல நடந்தால் ஹீமோகுளோபின் குறையும், கண் மஞ்சளாகும், சிவப்பணுவின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனையில் தெரியக்கூடும். தலைமுறை தலைமுறையாகக் கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் சாப்பிடும் ஏ வகையினர் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அப்படி ஒரு நோய் அவர்களிடம் இருந்திருந்தால் கிராமத்து மருத்துவச்சிக்கே தெரிந்திருக்கும். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று உடலைப் பார்த்துப் பிரித்தார்களே தவிர, கொள்ளு தின்று மஞ்சள் காமாலை கண்ட ஒரு கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஆனாலும், “அந்த டயட்டில் எனக்கு ஆறு கிலோ குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அனுபவத்தை நேராக எடுத்துக்கொண்டு சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2014இல் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரும்பாலும் இளைஞர்களான 1,455 பேரிடம் ஒரு மாதத்தில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று விரிவாகக் கேட்டார்கள். அதை வைத்து ஒவ்வொருவரின் உணவும் ‘ஏ திட்டத்துக்கு’ எவ்வளவு நெருக்கம், ‘ஓ திட்டத்துக்கு’ எவ்வளவு நெருக்கம் என்று நான்கு திட்டங்களுக்கும் மதிப்பெண் போட்டார்கள். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் ஆகியவற்றை அளந்தார்கள். ரத்த வகையையும் மரபணுவிலிருந்து கண்டறிந்தார்கள்.

இதை ஒரு கட்டமாகப் போட்டுப் பாருங்கள். மேலே நான்கு உணவுத் திட்டங்கள், பக்கவாட்டில் நான்கு ரத்த வகைகள், ஆக 16 கட்டங்கள். டி’அடமோ சொல்வது சரியென்றால், ஏ வகையினர் ஏ திட்டத்தையும், ஓ வகையினர் ஓ திட்டத்தையும் பின்பற்றும் அந்த நான்கு மூலைவிட்டக் கட்டங்களில்தான் நல்ல பலன் தெரிய வேண்டும். மற்ற பன்னிரண்டில் தெரியக் கூடாது. கிடைத்ததோ வேறு. ஏ திட்டத்துக்கு நெருக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாமே சாதகமாக இருந்தன, அவர்களுடைய ரத்த வகை எதுவாக இருந்தாலும். ஓ திட்டத்துக்கு நெருக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைவாக இருந்தது, அதுவும் ரத்த வகையைச் சாராமல். ஒரு பத்தி முழுவதும் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தது. மூலைவிட்டம் என்று தனியாக எதுவும் தெரியவில்லை. காய்கறியும் தானியமும் கூடி, கொழுத்த இறைச்சி குறைந்தால் உடல் இளைக்கிறது. மாவுப் பண்டங்களைக் குறைத்தால் டிரைகிளிசரைடு குறைகிறது. வியாசர்பாடியில் காலையில் பரோட்டாவையும் நாளுக்கு ஐந்து தேநீரையும் விட்டவருக்குச் சர்க்கரை இறங்கியதற்கு, அவருடைய அட்டையில் உள்ள எழுத்து காரணமாக வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டே, 2013இல், பெல்ஜிய செஞ்சிலுவைச் சங்கத்து ஆய்வாளர்கள் இந்தப் பொருளில் வெளிவந்த எல்லாவற்றையும் தேடினார்கள். 1,415 கட்டுரைகளைச் சலித்ததில் அவர்களுடைய தகுதி வரையறைக்குள் வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஏபிஓ வகையைப் பற்றியதாக இல்லாமல் எம்என்எஸ் என்ற வேறொரு ரத்தப் பிரிவைப் பற்றியது. பிற்பாடு அமெரிக்காவில் நீல் பர்னார்ட் குழுவினர் பருமனானவர்களுக்கு 16 வாரம் கொழுப்புக் குறைந்த முழுத் தாவர உணவு கொடுத்துப் பார்த்தபோதும், அந்த உணவு பொருந்த வேண்டிய ஏ வகையினருக்கும் பொருந்தக் கூடாத ஓ வகையினருக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை.

வேட்டைக்காரர், உழவர், மேய்ப்பர் என்ற கதையும் மரபியலில் நிற்கவில்லை. ஏ வகைச் சர்க்கரையை ஒட்டும் நொதிக்கான மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. மிகப் பரவலான ஓ வடிவம் என்பது அதே மரபணுவில் ஓர் எழுத்து உதிர்ந்துபோய் நொதி வேலை செய்யாமல் போனதால் வந்தது. அதாவது ஏ முந்தியது, ஓ அதிலிருந்து உடைந்து வந்தது. கதை சொல்லும் வரிசைக்கு நேர் எதிர். மனிதர்களிடமும் கிப்பன் போன்ற குரங்கினங்களிடமும் ஏ, பி வடிவங்கள் பொது முன்னோர் வழியாகவே வந்திருக்கின்றன என்றும், அந்த வேறுபாடு குறைந்தது இரண்டு கோடி ஆண்டுப் பழமை கொண்டது என்றும் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உழவோ பத்தாயிரத்துச் சொச்சம் ஆண்டுப் பழக்கம். நம் பக்கத்திலேயே பாருங்கள்: தமிழ்நாட்டில் ஓ அதிகம், அடுத்து பி, பிறகு ஏ, மிகக் குறைவு ஏபி. காசிமேட்டில் தலைமுறைகளாகக் கடலுக்குப் போகும் ஒரே குடும்பத்தில் அப்பா பி, அம்மா ஏ, பிள்ளைகள் நான்கு பேர் நான்கு வகையாக இருப்பது நடக்கக் கூடியது. அந்த வீட்டில் ஒருவரை மேய்ப்பர் என்றும் இன்னொருவரை உழவர் என்றும் பிரித்து நான்கு உலை வைக்க முடியாது.

குணத்தைப் பற்றிய நம்பிக்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் கொள்ளு போன்ற உண்மைத் துணுக்குகூட இல்லை. ஜப்பானில் 1927இல் ஃபுருகாவா டகேஜி என்பவர் ரத்த வகைக்கும் மனப்பாங்குக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். 1971இல் நோமி மசாஹிகோ எழுதிய புத்தகம் அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏ வகையினர் ஒழுங்கானவர்கள், பி வகையினர் தன்போக்கினர், ஓ வகையினர் தலைமை தாங்குபவர்கள் என்ற பேச்சு அங்கிருந்து கொரியா வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் ஊருக்கும் வந்துவிட்டது. முகாமில் வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இதை வைத்துக் கேலி செய்கிறார்கள். 2014இல் நவாதா கெங்கோ, ஜப்பானியரும் அமெரிக்கருமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை வைத்து 68 கேள்விகளைச் சோதித்தபோது, 65 கேள்விகளில் ரத்த வகைகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மீதி மூன்றிலும் அது மிகச் சிறியது. இருபதில் ஒன்று தற்செயலாகத் தவறிக் காட்டும் என்பது இத்தகைய சோதனைகளின் வழக்கமான கணக்கு; 68 கேள்விகளில் மூன்று நான்கு அப்படியே வந்துவிடும்.

ரத்த வகை உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மிக உறுதியாகத் தெரிந்தது, ரத்தம் உறைவதோடு அதற்குள்ள தொடர்பு. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற உறையவைக்கும் புரதம், ஓ வகையினரின் ரத்தத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. அந்தப் புரதத்தின் மேலும் அதே ஏ, பி, எச் சர்க்கரைகள் ஒட்டியிருக்கின்றன. வெறும் எச் மட்டும் இருந்தால் அது சீக்கிரம் ரத்தத்திலிருந்து அகற்றப்படுகிறது. இதன் விளைவாக, காலில் ஆழ்சிரைகளில் ரத்தக் கட்டு ஏற்படும் வாய்ப்பு ஓ அல்லாதவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் ஒன்றின் மடங்கு இது. அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்தே கிடப்பது, பிரசவத்தை ஒட்டிய வாரங்கள், புகைபிடித்தல் போன்றவைதான் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியவை. மீனை விடுவதால் இந்தச் சர்க்கரையில் ஒன்றுகூட மாறப்போவதில்லை.

மலேரியாவிலும் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. ஃபால்சிபாரம் கிருமி புகுந்த அணுக்கள் மற்ற அணுக்களைத் தம்மைச் சுற்றிப் பூப்போல ஒட்டிக்கொண்டு மூளையின் நுண்குழாய்களை அடைக்கும். ஓ அணுக்களில் அந்த ஒட்டுதல் வலுவிழப்பதால் ஓ வகையினருக்குக் கடுமையான மலேரியா குறைவு. சென்னையில் நாம் அதிகம் கண்டது வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா என்பதால், ராயபுரத்தில் ஓ வகைக்காரர் கொசுவலை இல்லாமல் தூங்கலாம் என்று இதற்குப் பொருளாகாது. வயிற்றுப் புற்றுநோய் ஏ வகையினரிடமும், குடல் புண் ஓ வகையினரிடமும் சற்று அதிகம் என்பது 1950களிலிருந்து தெரிந்த செய்தி. அந்த வேறுபாடுகளும் மக்கள்தொகை அளவில் எண்ணினால் தெரிபவை. ஒரு தனி மனிதரின் தட்டில் என்ன வைப்பது என்று முடிவு செய்யும் அளவு பெரியவை அல்ல.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அவருடைய ஹீமோகுளோபின் இறங்கியதற்கு உணவை மட்டும் காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாதவிலக்கும் சில மாதங்களாக அதிகமாகத்தான் போயிருக்கிறது. ஆனால் உடல் இரும்பை இழந்துகொண்டிருந்த அதே ஐந்து மாதத்தில், மீனிலும் இறைச்சியிலும் இருந்து எளிதில் சேரும் இரும்பை அந்தப் பட்டியல் அவருடைய தட்டிலிருந்து எடுத்துவிட்டது. பருப்பிலும் கீரையிலும் இரும்பு இருந்தாலும் அது குறைவாகவே சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இன்னும் குறையும். முழுச் சைவமாக வாழ்பவர்கள் எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்த்து அதை ஈடுகட்டிக்கொள்கிறார்கள். திடீரென்று மாறியவருக்கு அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அங்கே இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, அதிக ரத்தப்போக்குக்கு ஸ்கேன் எடுக்கவும் சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து அடுத்த முகாமுக்கு அவரே வந்தார். நெத்திலியும் முட்டையும் மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், கொள்ளு ரசத்தை நிறுத்தவே இல்லை என்றும் சொன்னார். விரலைத் துடைத்துக் குத்தி, துளியை நீலக் கரைசலின் மேல் விட்டேன். கொஞ்சம் இறங்கி, பாதியில் நின்றது. கருவியில் 11.9. இன்னும் மூன்று மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வரச் சொல்லி, அவருடைய அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தேன்.